குவைத்துக்குப் போகும் பெட்டியில் ஓர் அரைப்போத்தல்: மதுத் தடையுள்ள நாடுகளுக்குக் கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

என் அக்காவின் மகன் குவைத்துக்கு வேலைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் அவனுடைய பெட்டியை நான் திறந்து, எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் இருந்து அடுக்கிய பெட்டி. ஆனால் நான் கட்டாரிலும் குவைத்திலும் 11 ஆண்டுகள் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தவன். கட்டிய பெட்டியை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்காமல் பிள்ளையை அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

அவன் மதுவைத் தொடாதவன். ஆனாலும் அந்தப் பெட்டியில் மது சம்பந்தப்பட்ட நான்கு பொருட்கள் இருந்தன. அக்கா வைத்த இரண்டு போத்தல் அரிஷ்டம். டிசம்பர் மாதம் என்பதால் பொன்னிறத் தாளில் சுற்றிய கிறிஸ்மஸ் கேக் ஒரு பெட்டி. வழியில் குடிக்கவென்று ஒரு ஜிஞ்சர் பியர். நான்காவது, பக்கத்து வீட்டு அம்மா குவைத்தில் இருக்கும் தன் தம்பிக்குக் கொடுத்தனுப்பிய பொதி. "சீனிச் சம்பலும் கருவாடும்தான், தம்பி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிரித்தேன். சம்பல் இருந்தது, கருவாடு இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஒரு துவாயில் சுருட்டிய 375 மில்லிலீற்றர் தென்னஞ்சாராயமும் இருந்தது.

அந்த அரைப்போத்தல் ஒன்றே அவனுடைய வேலையை முதல் நாளிலேயே முடித்திருக்கும். அதனால் அன்றைக்கு அவனுக்கு நான் சொன்னவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். குவைத்தை மையமாக வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் வேலைக்குப் போகும் நாடுகளில் இந்த விடயத்தில் மிகக் கடுமையானவற்றுள் அது ஒன்று. மற்ற நாடுகள் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

டிக்கெட்டில் உள்ள ஒவ்வோர் ஊரையும் பாருங்கள்

நாம் கடைசியாக இறங்கும் நாட்டை மட்டும் யோசிக்கிறோம். டிக்கெட்டை எடுத்து, விமானம் மாறும் ஊர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்த நாட்டுக்குள் மதுவைக் கொண்டுவரலாமா? அங்கே இருக்கும்போது அருந்தலாமா? இவை வெவ்வேறு கேள்விகள். பலர் குழம்புவது இங்கேதான்.

குவைத்தில் இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். விற்பனை, இறக்குமதி, வைத்திருத்தல் எல்லாம் தடை. ஹோட்டலிலும் கிடையாது. சவூதி அரேபியாவிலும் சாதாரணத் தொழிலாளிக்கு இதே பதில்தான். 2024 ஜனவரியில் ரியாத்தின் தூதரகப் பகுதியில் ஒரு மதுக்கடை திறக்கப்பட்டது உண்மை. அது முஸ்லிம் அல்லாத இராஜதந்திரிகளுக்காகத் திறக்கப்பட்ட கடை. கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறவருக்கு அதனால் எதுவும் மாறவில்லை. 2025 மே மாதம், 600 சுற்றுலா இடங்களில் மது வரப்போகிறது என்றொரு செய்தி கைத்தொலைபேசிகளில் சுற்றியது. சவூதி அதிகாரி ஒருவர் அதை மறுத்தார். மறுப்பு செய்தியளவுக்குப் பரவவில்லை. இன்றைக்கும் அதை நம்பிக்கொண்டு என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டாரும் மாலைதீவும் இடைநிலை. கட்டாரில் அனுமதி பெற்ற ஹோட்டல்களில் மது விற்கிறார்கள், ஆனால் பயணி ஒரு போத்தலைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது. மாலைதீவிலும் அப்படியே. கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பு என்பதால் அது நமக்குப் பக்கத்து ஊர் போலத் தோன்றுகிறது, அங்கே போகிற நம்மவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சுற்றுலா விடுதித் தீவுகளிலும் சுற்றுலாப் படகுகளிலும் வெளிநாட்டு விருந்தினருக்கு மது உண்டு. மாலே நகரத்திலும் மக்கள் வாழும் தீவுகளிலும் இல்லை. விடுதியில் வேலை செய்கிறவர் அங்கிருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு மக்கள் வாழும் தீவுக்குப் போனால், விடுதிக்குள் சட்டத்துக்கு உட்பட்டிருந்த அதே பொருள் படகுத்துறையில் குற்றப்பொருள் ஆகிவிடும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிம் அல்லாத, 21 வயது நிரம்பிய பயணி 4 லீற்றர் வரை கொண்டுபோகலாம். இதைக் கேட்டுத்தான் "டுபாயில் எல்லாம் சரி" என்கிறார்கள். ஆனால் வாடகை குறைவு என்பதால் டுபாயில் வேலை செய்துகொண்டு சார்ஜாவில் அறை எடுத்துத் தங்குகிற இலங்கையர் எத்தனை பேர் என்று யோசியுங்கள். சார்ஜாவில் மது முழுத் தடை. டுபாய்க் கடையில் முறையாக வாங்கிய போத்தலோடு மாலையில் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர், பாதி வழியில் சட்டத்தின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறார். அந்த எல்லையில் வேலியும் இல்லை, காவல் சாவடியும் இல்லை. நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு என்று விலக்கு இருக்கும் இடங்களிலும் அந்த விலக்கு முஸ்லிம் பயணிக்குப் பொருந்தாது. நம் முஸ்லிம் சகோதரர்கள் ஹோட்டல் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, மதுவை எடுத்துப் பரிமாறும் பணி அதில் அடங்குமா என்று முகவர் நிலையத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் மறுப்பது கடினம்.

பெட்டியை அவிழ்த்துப் பாருங்கள்

அரிஷ்டத்திலிருந்து தொடங்குகிறேன். நம் வீடுகளில் இது மருந்து, மது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அரிஷ்டமும் ஆசவமும் செய்யப்படும் முறையே நொதிக்க வைப்பதுதான். கஷாயத்தோடு வெல்லமும் தாதகிப் பூவும் சேர்த்து மூடி வைக்கும்போது அதில் தானாகவே மதுசாரம் உண்டாகிறது. அளவு பெரும்பாலும் பியருக்குச் சமமாகவோ அதைவிடக் கூடவோ இருக்கும். சில போத்தல்களில் அந்த வீதம் அச்சிடப்பட்டும் இருக்கிறது. சுங்க அதிகாரிக்கு அந்தப் பழுப்புநிறத் திரவத்தின் பெயர் தெரியாது. மூடியைத் திறந்தால் வாசனை தெரியும். அக்காவின் மகனுக்கு வாயுத் தொல்லைக்கு அந்த மருந்து வேண்டியிருந்தது. வைத்தியரிடம் திரும்பிப் போய், அதே வேலைக்குச் சூரணமும் குளிகையும் வாங்கி, மருந்தின் பெயர் எழுதிய சீட்டையும் ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டோம். பஸ்பங்குவா போன்ற உலர்ந்த கசாயப் பொட்டலங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது கேக். கொழும்பில் கிறிஸ்மஸ் கேக் என்றால் பழங்களை வாரக்கணக்கில் பிரண்டியில் ஊறவைத்துச் செய்வது வழக்கம். கடையில் வாங்கியதென்றால் உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். வீட்டில் செய்ததென்றால் செய்தவரிடம் கேளுங்கள். கேக் துண்டுக்காக யாரையும் சிறையில் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடையுள்ள பொருள் சேர்ந்த உணவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்போது, சுங்க மேசையில் அதற்கு விளக்கம் சொல்லும் நிலையை நீங்களாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். நாங்கள் அதற்குப் பதில் தொதலும் கொக்கிஸும் வைத்தோம். மது ஊற்றிய சொக்லேட்டுக்கும் இதே விதிதான்.

ஜிஞ்சர் பியரில் மது இல்லை. பெயரில்தான் இருக்கிறது. ஸ்கேன் பண்ணுகிறவர் லேபிளில் 'பியர்' என்ற சொல்லைத்தான் பார்ப்பார். வீட்டில் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வாசனைத் திரவியமும் ஓடிகொலோனும் உங்கள் பாவனைக்கு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அவை அங்கேயே கடைகளில் கிடைக்கும் பொருட்கள்.

இனிப் பொதி. பிறர் தந்த பொதியை வாங்குவதே இல்லை என்று முடிவெடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊர்ச் சம்பல் எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு முறை உண்டு. கட்டாத பொதியாகத்தான் வாங்க வேண்டும். கொடுத்தவர் முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நீங்களே கட்ட வேண்டும். மாவுப் பேணி என்றால் மூடியைத் திறந்து கையால் துழாவுங்கள். "என்னை நம்பவில்லையா?" என்று கேட்பார்கள். "பெட்டியில் ஒட்டும் சீட்டில் என் பெயர்தான் இருக்கும், அக்கா" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை. குவைத்தில் பெட்டியை எடுக்கும் கை உங்களுடையது, சீட்டு உங்களுடையது. இன்னொருவர் தந்தது என்பதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் நானே போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. தம்பி ஆசைப்பட்டுக் கேட்டான், குவைத்தில் இது இவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியாது என்று அழுதார். தெரியாமல் வைப்பவர்களே அதிகம்.

கட்டுநாயக்கவில், தீர்வையற்ற கடை

குடிவரவைத் தாண்டியதும் தீர்வையற்ற கடை வரும். அங்கே விற்கிறார்கள் என்பதால் கொண்டுபோகலாம் என்று பொருள் அல்ல. நீங்கள் இறங்கும் நாட்டின் சட்டத்துக்கு அந்தக் கடை பொறுப்பு அல்ல.

இதிலே நுணுக்கமான ஒன்று, விமானம் மாறும்போது நடப்பது. ஒருவர் கொழும்பிலிருந்து குவைத் வழியாக லண்டன் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் மதுவுக்குத் தடை இல்லை. கட்டுநாயக்கவில் ஒரு போத்தல் வாங்கி, கடைக்காரர் முத்திரையிட்ட பையில் தருகிறார். குவைத்தில் விமானம் மாறும்போது கைப்பையை மீண்டும் ஸ்கேன் பண்ணுவார்கள். போத்தல் அங்கே போய்விடும், கேள்வியும் வரலாம். சரி, கைப்பையில் இல்லாமல் பெரிய பெட்டியில் போட்டு நேரே லண்டனுக்கு அனுப்பினால்? வழக்கமான நாளில் பெட்டி குவைத் சுங்கத்தைத் தொடாமல் அடுத்த விமானத்துக்குப் போய்விடும். ஆனால் இணைப்பு விமானம் தவறி, விமான நிறுவனம் உங்களை ஓர் இரவு ஹோட்டலில் தங்கவைத்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடக்க வேண்டி வரும். அப்போது அது குவைத்துக்குள் மது கொண்டுவந்தது ஆகிவிடும். ஆகவே தடையுள்ள நாடு ஒன்று வழியில் இருந்தால், பயணத்தின் கடைசிக் கட்டத்துக்குப் பிறகே வாங்குங்கள்.

வழியனுப்பும் விருந்தும் விமானமும்

புறப்படும் அன்று நண்பர்கள் கூடி ஊற்றிக்கொடுப்பது நம் வழக்கம். விமானத்திலும் சில நிறுவனங்கள் மது தருகின்றன. இறங்கும்போது இரத்தத்தில் மது இருந்தால் அதுவும் குற்றமாகலாம். வெளியே குடித்துவிட்டு வந்தேன் என்பது பதிலாகாது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 14 கிராம் மதுசாரம் இருக்கிறது. உடல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். அதாவது ஒரு அளவு சாராயம் உடலைவிட்டுப் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மாலை 7 மணி விருந்தில் நான்கு அளவு, விமானத்தில் இன்னும் இரண்டு என்றால் மொத்தம் 84 கிராம். அது முழுவதும் போக 8 முதல் 12 மணி நேரம் வேண்டும். கொழும்பிலிருந்து குவைத்துக்குப் பறப்பு நேரம் ஐந்தரை மணிக்குச் சற்று முன்பின். ஆக, குடிவரவு வரிசையில் நிற்கும்போது உங்கள் மூச்சில் அது இருக்கும். கோப்பி குடிப்பதோ முகம் கழுவுவதோ இந்த வேகத்தைக் கூட்டாது. வாகனச் சாரதியாகப் போகிறவர்கள் இதைப் பின்னாலும் நினைவில் வைக்க வேண்டும். அமீரகத்தில் மது அனுமதிக்கப்பட்டிருந்தாலும், வாகனம் ஓட்டுகிறவர் இரத்தத்தில் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. இரவு குடித்தது காலை வேலைக்குப் போகும்போதும் மிச்சம் இருக்கும்.

சுங்க மேசையில்

வளைகுடாவிலும் மாலைதீவிலும் இறங்கிய பின்னும் பெட்டிகளை ஸ்கேன் பண்ணுகிறார்கள். போத்தலின் வடிவம் துணிக்குள் தெளிவாகத் தெரியும், துவாயில் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. மறதியாக ஏதாவது வந்துவிட்டது என்று விமானத்தில் இருக்கும்போதே நினைவு வந்தால், பெட்டியை ஸ்கேனில் போடுவதற்கு முன்பே அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள். தானாகச் சொன்னவரையும் ஒளித்து வைத்தவரையும் அதிகாரிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

மாலைதீவில் பயணியின் போத்தலை எடுத்து வைத்து ரசீது தருவார்கள், திரும்பிப் போகும்போது பெற்றுக்கொள்ளலாம். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். குவைத்தில் இப்படித் திருப்பித் தரும் வழக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முகாமில் யாராவது ஊற்றிக் கொடுத்தால்

இந்தப் பகுதிக்காகத்தான் முக்கியமாக எழுதத் தொடங்கினேன். பெட்டி விடயத்தில் தவறினால் வேலை போகும். இங்கே தவறினால் கண் போகும், உயிர் போகும்.

மது விற்காத நாடுகளில் மது இல்லாமல் இல்லை. களவாகக் காய்ச்சுகிறார்கள். நம்மூர்க் கசிப்பைப் போலத்தான். சவூதியில் அதற்கு 'சித்தீக்கி' என்று பெயர், அரபியில் 'என் நண்பன்' என்று பொருள். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, அறைக்கு அறை விற்கிறார்கள். 2025 ஓகஸ்டில் குவைத்தில் இப்படிப்பட்ட மதுவைக் குடித்து 23 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பாதிக்கப்பட்டோர் 160 பேர். பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். பலருக்கு அவசரமாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டியிருந்தது. 21 பேரின் பார்வை போனது அல்லது பழுதுபட்டது.

காரணம் மெத்தனோல். குடிக்கும் மதுவில் இருப்பது எதனோல். மெத்தனோல் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. சீனியும் ஈஸ்ட்டும் போட்டு நொதிக்கவைப்பதில் கொல்லும் அளவு மெத்தனோல் உண்டாவதில்லை. இலாபத்துக்காகத் தொழிற்சாலைச் சரக்கை வாங்கிக் கலக்கும்போதுதான் பெரும் சாவுகள் நேர்கின்றன. நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. "கொளுத்திப் பார், நீலச் சுடர் வந்தால் நல்லது" என்று முகாமில் சொல்வார்கள். இரண்டுமே எரியும், கலந்ததும் எரியும். அந்தச் சோதனையை நம்பிக் குடித்தவர்களை நான் அறிவேன். "போன வாரம் இதே ஆளிடம் வாங்கினோம், ஒன்றும் ஆகவில்லை" என்பதும் அப்படியே. போன வாரம் அவன் எதைக் கலந்தான், இந்த வாரம் எதைக் கலந்தான் என்று உங்களுக்குத் தெரியாது.

என் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு பேர் இருந்த அறை. வியாழன் இரவு ஒருவர் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தார். சத்தம் இல்லை, வாந்தி இல்லை, நன்றாகத் தூங்கினார். வெள்ளி காலையில் தலைவலி என்றார், தேநீர் போட்டுக் கொடுத்தோம். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். மாலை 5 மணிபோல எழுந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "ஏன் அறைக்குள் புகையாக இருக்கிறது?" என்று கேட்டார். அறையில் புகை இல்லை. குழாய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கைகளை முகத்துக்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சு, ஓடிவந்தவனைப்போல வேகமாகவும் ஆழமாகவும் போய்க்கொண்டிருந்தது.

முகாம் பொறுப்பாளர் வைத்தியசாலை வேண்டாம் என்றார். பொலிஸ் வரும், எல்லோருக்கும் பிரச்சினை என்றார். எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொன்னார். நாங்களும் பயந்து, இரவு 9 மணி வரை காத்திருந்தோம். அவர் உயிர் பிழைத்தார். பார்வை திரும்பவில்லை. அந்த நான்கு மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உடலுக்குள் நடப்பது இதுதான். மெத்தனோல் உள்ளே போனவுடன் சாதாரணப் போதைபோலத்தான் இருக்கும். பிறகு ஈரல் அதை ஃபோர்மிக் அமிலமாக மாற்றத் தொடங்கும். அந்த அமிலம்தான் கண்ணின் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் எடுப்பதால், குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகே ஆபத்து வெளியே தெரிகிறது. கூடவே நல்ல மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். எனவே "நேற்றுக் குடித்தது, இன்றைக்கு அதனால் இருக்காது" என்று எண்ணக் கூடாது.

சாதாரணத் தலைவலி நேரம் போகப்போகக் குறையும். இது கூடும். சாதாரணக் குடியின் மறுநாளில் பார்வை பனிமூட்டம்போல ஆகாது. பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, வேகமான மூச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள், அவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்பதாகவே இருக்கலாம். அம்புலன்ஸை அழைக்க குவைத்தில் 112, சவூதியில் 997, கட்டாரில் 999, அமீரகத்தில் 998. வைத்தியரிடம் "மெத்தனோல்" என்ற சொல்லையே சொல்லுங்கள், எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதையும் சொல்லுங்கள். உணவு ஒவ்வாமை என்று மறைத்தால் அவர்கள் வேறு நோயைத் தேடி நேரத்தை இழப்பார்கள். இதற்கு ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. இரண்டும் சீக்கிரம் தொடங்கினால்தான் கண்ணைக் காப்பாற்றும். எலுமிச்சையும் பாலும் ஒன்றும் செய்யா. அறையில் வைத்து வேறு மது கொடுத்துச் சரிப்படுத்தப் பார்ப்பதும் வேண்டாம்.

வைத்தியசாலைக்குப் போனால் விசாரணை வரலாம், நாடு கடத்தவும் கூடும். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிறவர் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

பிடிபட்டால்

குவைத்தில் நீதிமன்றத் தீர்ப்பினால் நாடு கடத்துவது ஒரு வகை. நிர்வாக உத்தரவினால் நாடு கடத்துவது இன்னொரு வகை. இரண்டாவதில் வழக்கு முடியும் வரை காத்திருப்பதில்லை, உள்துறையின் உத்தரவே போதும். ஆகையால் "சின்ன விடயம், தண்டப்பணம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடிக்காமல், போத்தல் இருந்த அறையில் இருந்தவரும் விசாரணைக்குள் வரலாம். உங்கள் அறையில் ஒருவர் காய்ச்சுகிறார் அல்லது விற்கிறார் என்று தெரிந்தால், அறையை மாற்றித் தரும்படி உடனே கேளுங்கள்.

பிடிபட்டவர் முதலில் செய்ய வேண்டியது, இலங்கைத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்பது. 1963ஆம் ஆண்டின் வியன்னா கொன்சூலர் உடன்படிக்கை அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் நீங்கள் கேட்டால்தான் அறிவிப்பார்கள். அரபியில் எழுதிய தாளைப் புரியாமல் ஒப்பமிட வேண்டாம், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தூதரகம் உங்களை விடுவித்துவிடாது. ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வீட்டுக்குச் சொல்லும், மொழி தெரிந்த ஒருவரை அனுப்ப முடியும். இங்கே இருக்கும் குடும்பத்தினர் பத்தரமுல்லையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பணியகத்தில் பதிந்து போனவரென்றால் அவருடைய ஒப்பந்தமும் வேலை கொடுத்தவரின் விபரமும் அங்கே இருக்கும். பதியாமல் சுற்றுலா விசாவில் போனவருக்காகப் பேசும்போது, அவர் எந்த நிறுவனத்தில் இருந்தார் என்பதைக் கண்டுபிடிக்கவே நாட்கள் போகின்றன.

பெட்டியை மீண்டும் அடுக்கி முடித்த பிறகு, அக்காவின் மகனைக் கொண்டு ஒரு சின்ன அட்டை எழுதவைத்தேன். தூதரகத்தின் தொலைபேசி இலக்கம், 112, கடவுச்சீட்டு இலக்கம், ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் அரபியில், கடைசியில் மெத்தனோல் என்ற சொல் ஆங்கிலத்தில். "இது எதற்கு, மாமா? நான் குடிப்பதில்லையே" என்றான். "உன் அறையில் இன்னும் ஐந்து பேர் இருப்பார்கள்" என்றேன். அவன் அதைக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொண்டான். அதன் பிரதி ஒன்றை அக்கா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார், கீழே 1989 என்று தன் கையால் எழுதி.